மின்சாரக் காரில் ஏன் ஒரே கியர்?

கேள்வி: பெரம்பூரிலிருந்து சிறுசேரிக்கு தினமும் போய்வர ஒரு மின்சாரக் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். 12 வருஷமாக 5 கியர் பெட்ரோல் கார் ஓட்டுகிறேன். டெஸ்ட் டிரைவில் கியர் லீவரே இல்லை, உள்ளேயும் ஒரே கியர்தான் என்று சொன்னார்கள். செலவைக் குறைக்க இப்படிச் செய்கிறார்களா? மேம்பாலம் ஏறும்போதும் ஹைவேயிலும் மோட்டார் திணறாதா?

பதில்:

திணறாது. கியர்பாக்ஸ் பெட்ரோல் என்ஜினுக்காகச் செய்து வந்த வேலையை மின்சார மோட்டார் தானே செய்துகொள்கிறது. செலவு குறைவது உண்மைதான், ஆனால் அது கூடவே வந்த லாபம். அம்பத்தூர் எஸ்டேட்டில் 20 வருஷத்துக்கு மேலாக கியர் வெட்டும் தொழிலில் இருக்கிறேன். முதலில் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குப் பல்சக்கரம் வெட்டினோம், இப்போது மின்வண்டிகளுக்கும் வெட்டுகிறோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் இப்போது ஓட்டும் காரையே பாருங்கள். ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றுக்குக் கீழே ஓடவே ஓடாது, அணைந்துவிடும். அதனால்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்ப கிளட்ச் வேண்டியிருக்கிறது. அதன் முறுக்குவிசை, அதாவது நாம் டார்க் என்று சொல்வது, அதிகபட்சம் 110 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இருக்கும். அது மட்டும் காரை நகர்த்தப் போதாது. முதல் கியரும் கடைசிப் பல்சக்கர ஜோடியும் சேர்ந்து அதை சுமார் 15 மடங்காக்கி சக்கரத்துக்குத் தருகின்றன. சக்கரத்தில் 1,600 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேலே கிடைக்கிறது. ஆனால் அதே முதல் கியரில் என்ஜின் 6,000 சுற்றைத் தொடும்போது வண்டி 50 கி.மீ. வேகத்தைக்கூடத் தாண்டியிருக்காது. அதற்கு மேல் போக இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. கியர்பாக்ஸைப் பற்றிப் பேசும்போது பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் என்ஜின் தன் முழு சக்தியை 6,000 சுற்றுக்குப் பக்கத்தில் மட்டும்தான் தரும். பாதிச் சுற்றில் ஓடினால் சக்தியும் ஏறத்தாழ பாதிதான். நீங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஐந்தாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், முன்னால் ஒரு லாரி. அப்போது என்ஜின் 2,200 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும், காலை முழுதாக அமுக்கினாலும் சுமார் 23 கிலோவாட்தான் தர முடியும். மூன்றாவதுக்கு இறக்கினால் சுற்று 3,700க்கு ஏறும், சக்தி 43 கிலோவாட் ஆகும். லாரியைத் தாண்ட கியரைக் குறைப்பது இதற்காகத்தான். பெட்ரோல் காரில் கியர் மாற்றுவது என்பது, என்ஜினை அதன் சக்தி இருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது.

மின்சார மோட்டாரின் குணமே வேறு. கணக்கோடு பார்க்க ஒரு நிஜமான காரை எடுத்துக்கொள்வோம். 2010 கடைசியில் வந்த நிசான் லீஃப், உலகம் முழுக்கப் பெரிய எண்ணிக்கையில் விற்ற முதல் மின்கார்களில் ஒன்று. நம் ஊரில் விற்பனைக்கு வரவில்லை என்றாலும், அதன் கியர் விவரம் பல் எண்ணிக்கை வரை வெளியாகியிருப்பதால் உதாரணத்துக்கு வசதி. அதன் மோட்டார் 280 நியூட்டன் மீட்டர் டார்க், 80 கிலோவாட் சக்தி தரும், 10,390 சுற்று வரை ஓடும். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு விகிதம்தான்: மோட்டார் 7.94 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

பெருக்கிப் பாருங்கள். 280ஐ 7.94ஆல் பெருக்கினால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2,220 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் கார் முதல் கியரில் தருவதைவிட அதிகம், அதுவும் பூஜ்ஜியச் சுற்றிலிருந்தே. கிளட்சும் வேண்டாம், முதல் கியரும் வேண்டாம். இப்போது மறுகோடிக்குப் போவோம். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.98 மீட்டர். மோட்டார் 10,390 சுற்று ஓடும்போது வண்டியின் வேகம் 155 கி.மீ. வருகிறது. ஆக முதல் கியரின் இழுப்பும் ஐந்தாவது கியரின் வேகமும் ஒரே விகிதத்துக்குள் அடங்கிவிட்டன.

இது எப்படி முடிகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் நடு நரம்பு. இந்த மோட்டார் பூஜ்ஜியத்திலிருந்து 2,730 சுற்று வரை, அதாவது வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தொடும் வரை, முழு 280 நியூட்டன் மீட்டரையும் தரும். அந்த இடத்தில் சக்தி 80 கிலோவாட்டை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் டார்க் குறையத் தொடங்கும். ஆனால் சுற்று ஏறுகிற அளவுக்குத்தான் டார்க் இறங்குகிறது, அதனால் இரண்டின் பெருக்கமான சக்தி 9,800 சுற்று வரை அதே 80 கிலோவாட்டில் நிற்கும்.

காரணம் மோட்டாருக்குள் இருக்கிறது. காந்தம் பதித்த ரோட்டார் கம்பிச்சுருளுக்கு நடுவில் சுற்றும்போது, மோட்டாராக இருக்கும்போதே அது ஜெனரேட்டராகவும் வேலை செய்து ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். ஒரு கட்டத்தில் பேட்டரியின் மின்னழுத்தத்துக்குச் சமமாக வந்து நிற்கும். அப்புறம் மின்னோட்டத்தை உள்ளே தள்ள வழி இருக்காது. அந்த நேரத்தில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வர்ட்டர் ஒரு வேலை செய்கிறது: மின்னோட்டத்தில் ஒரு பகுதியை காந்தத்தின் புலத்துக்கு எதிராகத் திருப்பி, அந்தப் புலத்தைத் தளர்த்துகிறது. எதிர் மின்னழுத்தம் தணிகிறது, ரோட்டார் மேலும் வேகமாகச் சுற்ற இடம் கிடைக்கிறது, பதிலுக்குக் கொஞ்சம் டார்க் குறைகிறது. டார்க்கைக் கொடுத்து வேகத்தை வாங்குவது. கியர்பாக்ஸ் செய்வதும் அதுவேதான்! பல்சக்கரத்தால் படிப்படியாகச் செய்ததை இங்கே காந்தப்புலத்தால் படியே இல்லாமல் செய்கிறார்கள். என் தொழிலே பல்சக்கரம்தான், இருந்தாலும் இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அளவிலும் இரண்டும் பொருந்திப் போகின்றன. 10,390ஐ 2,730ஆல் வகுத்தால் 3.8. ஒரு 5 கியர் பெட்டியில் முதல் கியருக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள இடைவெளி சுமார் நாலரை மடங்கு. கிட்டத்தட்ட ஒரு முழு கியர்பாக்ஸின் வீச்சு அந்த மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது அதே லாரிக்குப் பின்னால் இந்தக் காரை நிறுத்துங்கள். 80 கி.மீ. வேகத்தில் மோட்டார் 5,350 சுற்றில் ஓடுகிறது. கையில் இருப்பது முழு 80 கிலோவாட். இன்னொரு கியர் வைத்து அதை 8,000 சுற்றுக்குக் கொண்டுபோனாலும் அதே 80 கிலோவாட்தான் கிடைக்கும். சக்தி மாறாத இடத்தில் கியரைக் குறைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னொரு கியர் உதவக்கூடிய இடம் 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே மட்டும்தான். அங்கே ஏற்கெனவே டயர் முனையில் 7,000 நியூட்டன் இழுவிசை இருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் காருக்கு அதற்கு மேல் கொடுத்தால், காய்ந்த ரோட்டிலேயே டயர் வழுக்கும் எல்லையை நெருங்கிவிடுவோம். மழையில் சொல்லவே வேண்டாம்.

உங்கள் மேம்பாலக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கத்திப்பாரா மாதிரி ஒரு பாலத்தில் 20 அடிக்கு 1 அடி ஏற்றம் என்று சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் உட்கார்ந்து 1,700 கிலோ எடையுள்ள வண்டி ஏற, சாலை உராய்வும் சேர்த்து 1,000 நியூட்டனுக்குச் சற்று மேலே போதும். இருப்பதில் ஏழில் ஒரு பங்கு. ஹைவேயில் 120 கி.மீ. வேகத்தில் நேராகப் போக சுமார் 20 கிலோவாட் தேவை, அது இருப்பதில் கால் பங்கு.

சரி, மோட்டார் இவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் அந்த ஒரு கியர் மட்டும் எதற்கு, நேரடியாகச் சக்கரத்தில் மாட்டிவிடலாமே என்று தோன்றும். மோட்டாரின் உருவத்தைத் தீர்மானிப்பது சக்தியைவிட டார்க்தான். 2,220 நியூட்டன் மீட்டரை நேரடியாகத் தரும் மோட்டாருக்கு எட்டு மடங்கு டார்க் வேண்டும், செம்பும் காந்தமும் இரும்பும் அதற்கேற்ப ஏறும். சின்ன மோட்டாரை வேகமாகச் சுற்றவிட்டு, பல்சக்கரத்தால் வேகத்தைக் குறைத்து டார்க்கைக் கூட்டுவதுதான் எடையிலும் விலையிலும் நல்லது.

ஒரே கியர் என்றவுடன் ஒரே ஜோடிப் பல்சக்கரம் என்று நினைத்துவிடாதீர்கள். லீஃபின் பெட்டியைத் திறந்தால் மூன்று ஷாஃப்டுகள் இருக்கும். மோட்டாரிலிருந்து வரும் ஷாஃப்டில் 17 பல். அது நடு ஷாஃப்டில் உள்ள 31 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே நடு ஷாஃப்டில் இன்னொரு 17 பல் சக்கரம் இருக்கிறது, அது, இரண்டு சக்கரங்களுக்கும் இழுப்பைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலோடு சேர்ந்த 74 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. 31ஐ 17ஆல், 74ஐ 17ஆல் வகுத்து, வந்த இரண்டையும் பெருக்கினால் அந்த 7.94 வரும். ஒரே ஜோடியில் முடிக்கப் பார்த்தால் 17 பல்லுக்கு எதிரே ஏறத்தாழ 135 பல் வேண்டும். பல்லின் பருமனைச் சொல்லும் மாட்யூல் அளவு சாதாரண 2.5 என்றாலே அந்தச் சக்கரம் 34 செ.மீ. விட்டத்துக்கு மேல் வளர்ந்துவிடும், காருக்கு அடியில் அதை எங்கே வைப்பது? இன்னொன்றையும் கவனியுங்கள்: 17க்கும் 31க்கும், 17க்கும் 74க்கும் ஒன்றைத் தவிர பொது வகுத்தி கிடையாது. அதனால் ஒரு பல் எப்போதும் அதே எதிர்ப்பல்லையே சந்திக்காமல், எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் முறை வைத்துச் சேரும். தேய்மானம் சமமாகப் பரவும். கியர்க்காரர்கள் இப்படித்தான் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுப்போம்.

ரிவர்ஸ் கியரும் இதில் இல்லை. இன்வர்ட்டர் மோட்டாரை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டால் வண்டி பின்னால் போகும், அவ்வளவுதான்.

இன்னொரு கியர் வைத்தால் நஷ்டம் என்ன என்று கேட்டால், கியரை மாற்றும் அந்த நொடிதான் பிரச்சினை. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய ஹேட்ச்பேக் வந்தது. என்ஜினைக் கழற்றிவிட்டு, ஒரு அடாப்டர் தகடு வைத்து மின்மோட்டாரைப் பழைய 5 கியர் பெட்டியிலேயே மாட்டியிருந்தார்கள். கிளட்சை எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் கரகரவென்று அரைக்கிறது என்பது புகார். பெட்டியைப் பிரித்தால், கியர் விழுமுன் வேகங்களைச் சமமாக்கும் சின்க்ரோனைசரின் பித்தளை வளையம் மழுங்கிப் போயிருந்தது. பெட்ரோல் காரில் கிளட்சை மிதித்தவுடன் என்ஜின் தனியாகப் பிரிந்துவிடும். அந்த வளையம் கிளட்ச் தட்டையும் ஒரு சின்ன ஷாஃப்டையும் மட்டும் வேகம் குறைத்தால் போதும். இங்கே கிளட்ச் இல்லாததால் மோட்டாரின் முழு ரோட்டாரையும் அந்தச் சின்ன வளையம் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஓட்டுநர் மூன்று நொடி காத்திருந்து போட்டால் சத்தமில்லாமல் விழுந்தது, அவசரப்பட்டால் அரைத்தது. கடைசியில் வளையத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, "சார், மூணாவதுலயே வச்சு ஓட்டுங்க, எதுவும் மாத்தாதீங்க" என்றேன். ஒரு மாதம் கழித்து வந்தவர், மூன்றாவதிலேயே கிளம்புகிறது, மூன்றாவதிலேயே 80 போகிறது என்றார். அந்தப் பெட்டியில் மீதி நான்கு கியரும் சும்மா எண்ணெயைக் கலக்கிக்கொண்டிருந்தன.

பெரிய இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. டெஸ்லாவின் முதல் கார் ரோட்ஸ்டரை இரண்டு கியரோடுதான் வடிவமைத்தார்கள். சீறிக் கிளம்பவும் வேண்டும், மேல்வேகமும் வேண்டும் என்பது திட்டம். கியர்பெட்டி உழைப்புச் சோதனையில் தாங்கவில்லை. 2008ல் முதல் கார்களை இரண்டாவது கியரிலேயே பூட்டிக் கொடுத்தார்கள், கிளம்பும் வேகம் குறைந்தது. அப்புறம் அவர்கள் தேடிய தீர்வு கியரில் இல்லை. இன்வர்ட்டரை மேம்படுத்தி மோட்டாருக்கு அதிக மின்னோட்டம் கொடுத்தார்கள், பெட்டியில் ஒரே ஒரு விகிதத்தை வைத்தார்கள். கிளம்பும் வேகம் திரும்பக் கிடைத்தது. முதல் கியர் தரவேண்டிய டார்க்கை மின்னணு தந்துவிட்டது. அன்றிலிருந்து பெரும்பாலான மின்கார்கள் போகும் வழி இதுதான்.

ஒரே கியருக்கு எல்லையே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். போர்ஷே டைகானின் பின் அச்சில் இரண்டு கியர் இருக்கிறது. 250 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டிய காருக்கு, கிளம்பும்போதும் அதே மூர்க்கம் வேண்டும் என்றால் ஒரு விகிதத்துக்குள் அடங்காது. அதைவிட முக்கியமான எல்லை வெப்பம். நின்று நின்று, மெதுவாக, செங்குத்தான ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது மோட்டார் குறைந்த சுற்றில் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். செம்பில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். விகிதத்தை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் பாதியாகும், சூடு கால் பங்காகும். 40 டன் லாரிக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. அதனால்தான் வோல்வோவின் பெரிய மின்லாரிகளில் 12 வேக ஐ-ஷிஃப்ட் பெட்டியையே வைத்திருக்கிறார்கள். நீங்கள் குடும்பத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால்கூட கார் இந்த எல்லைக்குப் பக்கத்தில் போகாது. தப்பித்தவறி மோட்டார் சூடேறினாலும், இன்வர்ட்டர் தானே சக்தியைக் குறைத்து, திரையில் எச்சரிக்கை காட்டும்.

பெட்டி எளிமையாக இருப்பதால் பழுதே வராது என்றும் நினைக்க வேண்டாம். என்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் பல்சக்கரத்தின் ரீங்காரம் அப்படியே காதில் விழும். அந்த 17 பல் சக்கரம் 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு சுமார் 760 முறை எதிர்ப்பல்லைத் தொடுகிறது, அது நம் காது நன்றாகப் பிடிக்கும் சுருதி. இதனால் மின்வண்டிக் கியரை பெட்ரோல் வண்டிக் கியரைவிட நுணுக்கமாக கிரைண்ட் செய்ய வேண்டியிருக்கிறது. பல்லின் இரண்டு பக்கத்தையும் செய்ய வேண்டும், ஏனென்றால் காலை எடுத்தவுடன் வண்டி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும்போது பாரம் பல்லின் முதுகுப் பக்கம் மாறிவிடுகிறது.

டெஸ்ட் டிரைவுக்கு இன்னொரு முறை போங்கள். ஏ.சி.யையும் பாட்டையும் அணைத்துவிட்டு, ஓ.எம்.ஆரில் காலியான ஒரு நீளம் கிடைக்கும்போது 30லிருந்து 60க்கு மெல்ல ஏற்றி, காலை எடுத்து மெல்ல இறக்குங்கள். ஏறும்போது மட்டும் அல்லது இறங்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் பல்லின் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. காலை அமுக்கினாலும் எடுத்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் உறுமல் என்றால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். காலை எடுத்து மறுபடி அமுக்கும்போது டக் என்று ஒரு தட்டு கேட்டால் ஷாஃப்டின் இணைப்பில் எங்கோ தளர்ச்சி. வாங்கிய பிறகு என்றாவது வேளச்சேரி மாதிரி இடத்தில் அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் ஓட்ட நேர்ந்தால், கியர் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பெட்டி தண்ணீரில் திடீரென்று குளிரும்போது மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடலாம். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.